மாடி கட்டலாமா? ஓர் ஆலோசகர் ஓட்டல் முதலாளிக்கு எழுதும் கடிதம்

கும்பகோணத்தில் 40 அறைகள் உள்ள ஒரு ஓட்டல். கீழ்த்தளத்தில் சைவ உணவகம், மேலே மூன்று மாடிகளில் அறைகள். முதலாளிக்கு ஒரே குழப்பம். முகூர்த்த நாட்களில் அறை கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. நான்காவதாக ஒரு மாடி எழுப்பி 12 அறைகள் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்குத் தோன்றுகிறது. 2028இல் மகாமகம் வேறு வருகிறது. வங்கியில் கடன் கேட்பதற்கு முன் ஓர் ஆலோசகரைக் கூப்பிடுகிறார். அவர் வந்து இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒரு வாரத்தில் புரபோசல் அனுப்புகிறேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்த ஓட்டல் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட மாதிரி. கீழே வரும் அதன் எண்களும் அப்படித்தான். ஆனால் இந்த அளவில், இதே குழப்பத்தோடு, கோயில் ஊர்கள் எங்கும் ஓட்டல்கள் இருக்கின்றன. அவற்றின் முதலாளிகளுக்கு வரும் முன்மொழிவுக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு. முதல் பக்கத்தில் நிறுவனப் பெருமை. இரண்டாம் பக்கத்தில் ஸ்வாட், பெஸ்டல், போர்ட்டரின் ஐந்து விசைகள், பி.சி.ஜி. கட்டம் என்று மேலாண்மைப் பாடநூலின் பொருளடக்கம். மூன்றாம் பக்கத்தில் கட்டணம். ஓட்டல் என்ற சொல்லை எடுத்துவிட்டு மருத்துவமனை என்று போட்டால் அந்தக் கடிதம் அப்படியே வேறொருவருக்குப் போகும். போயும் இருக்கும்.

நல்ல கடிதம் முறைகளின் பெயரில் தொடங்காது. முதலாளி எடுக்க வேண்டிய முடிவில் தொடங்கும். நம் ஆலோசகர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “ஐயா, நீங்கள் என்னிடம் கேட்டது புது மாடி கட்டலாமா என்று. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இப்போதுள்ள 40 அறைகள் தர வேண்டிய வருமானத்தைத் தருகின்றனவா? வருகிற பணம் எந்த வழியில் வெளியே போகிறது? திருப்பி அனுப்பப்படும் விருந்தினர்கள் புது அறைகளை வருடம் முழுக்க நிரப்பும் அளவுக்கு இருக்கிறார்களா? இந்த மூன்றுக்கும் விடை தரக்கூடிய முறைகளை மட்டுமே பயன்படுத்துவேன். ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தேன், அதன் முடிவைப் பார்த்து நீங்கள் எதை மாற்றலாம் என்பதை அந்தந்த இடத்தில் எழுதியிருக்கிறேன்.”

இந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதா என்று பார்த்தாலே கடிதத்தின் தரம் பாதி தெரிந்துவிடும்.

கடிதம் முதலில் எடுப்பது ரெவ்பார். ஓட்டல் தொழிலில் எல்லோரும் புழங்கும் அளவு இது: விற்பனைக்கு இருக்கும் ஒவ்வோர் அறையும், அது விற்றதோ விற்கவில்லையோ, சராசரியாக எவ்வளவு ஈட்டியது என்பது. 40 அறைகள், 30 நாட்கள் என்றால் மாதத்துக்கு 1,200 அறை இரவுகள். நம் ஓட்டலில் ஒரு மாதம் 780 விற்றிருக்கிறது, அதாவது 65 சதவீத ஆக்குபன்சி. வரி நீங்கலாக அறை வருமானம் 17,16,000 ரூபாய். விற்ற அறைகளால் வகுத்தால் சராசரி வாடகை 2,200 ரூபாய். இருந்த அறைகள் எல்லாவற்றாலும் வகுத்தால் 1,430 ரூபாய். இந்த 1,430தான் ரெவ்பார்.

தனியாகப் பார்த்தால் இந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. அக்கம்பக்கத்து ஓட்டல்களோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அது பேசத் தொடங்கும். ஊரில் இதே தரத்தில் உள்ள நான்கு ஓட்டல்களில் ஆக்குபன்சி 50 சதவீதம், சராசரி வாடகை 2,600 ரூபாய் என்று தெரிய வந்தால் அவற்றின் ரெவ்பார் 1,300. நம்முடையதை அவர்களுடையதால் வகுத்து நூறால் பெருக்கினால் 110 வருகிறது. நூறுக்கு மேல் என்பதால் நம் ஓட்டல் முந்தி நிற்கிறது. முதலாளி மகிழலாம். ஆனால் அதே வகுத்தலைப் பிரித்துச் செய்தால், அறை நிரப்புவதில் குறியீடு 130, வாடகையில் வெறும் 85. அதாவது இந்த ஓட்டல் நிரம்புவதற்கு ஒரு பெரிய காரணம் அதன் விலை குறைவு என்பதாக இருக்கலாம். கூட்டத்தைப் பார்த்து மாடி கட்ட நினைக்கிறவர், அந்தக் கூட்டம் விலையைப் பார்த்து வந்ததா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

“இருக்கலாம்” என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கணக்கு எந்த நான்கு ஓட்டல்களோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. முதலாளியைக் கேட்டால் ஆற்றங்கரை ரிசார்ட்டைச் சொல்வார். அங்கே வாடகை இரண்டு மடங்கு. முதலாளியைக் குஷிப்படுத்த நினைக்கும் ஆலோசகர் பேருந்து நிலையத்துப் பழைய லாட்ஜுகளை எடுப்பார். நம் கடிதத்தில் தேர்வுக்கு ஒரு விதி எழுதியிருக்கிறது: “அறை இல்லை என்று உங்கள் வரவேற்பு மேசையில் சொன்னதும் அந்தக் குடும்பம் அடுத்து எங்கே போய் நிற்கிறதோ, அந்த ஓட்டல்தான் உங்கள் போட்டி.” இதை முதலாளியைவிட இரவுப் பணியில் இருக்கும் பையன் சரியாகச் சொல்வான். வாசலில் நிற்கும் கார் டிரைவர்கள் இன்னும் சரியாகச் சொல்வார்கள்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பெருநகரங்களில் ஓட்டல்கள் தங்கள் எண்களை ஒரு பொது நிறுவனத்திடம் கொடுத்து, மற்றவர்களின் சராசரியைத் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம். கும்பகோணத்தின் நடுத்தர ஓட்டல்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருக்கும் என்று நம்பி வேலையைத் தொடங்க முடியாது. அதனால் வாடகையை ஆன்லைன் புக்கிங் தளங்களில் நாள்தோறும் பார்த்துக் குறிக்க வேண்டும். ஆக்குபன்சியை மதிப்பிட இரவு பத்து மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தை எண்ணலாம், துணி வெளுக்கக் கொடுக்கும் இடத்தில் படுக்கை விரிப்புகளின் கணக்கை விசாரிக்கலாம். இதெல்லாம் மதிப்பீடு, அளவு கிடையாது. போட்டியாளர் ஆக்குபன்சி ஐந்து சதவீதப் புள்ளி அங்கே இங்கே போகலாம் என்று கடிதமே ஒப்புக்கொண்டால் அந்த ஆலோசகர் இந்த வேலையை ஏற்கெனவே செய்தவர் என்று நம்பலாம். ஊர் முழுவதற்கும் தசமப் புள்ளியோடு எண் தருகிறேன் என்று ஒருவர் எழுதினால், அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

சராசரிக்கு இன்னொரு குறை. 65 சதவீதம் என்றால் தினமும் 26 அறைகள் நிரம்பின என்று மனம் படம் போட்டுக்கொள்கிறது. அப்படி ஒரு நாள்கூட இருந்திருக்காது. அதனால் கடிதம் கடந்த 24 மாதங்களின் நாள் கணக்கைக் கேட்கிறது. மாதச் சுருக்கம் போதாது என்கிறது. நம் மாதத்தைப் பிரித்துப் பார்ப்போம். முகூர்த்தமும் வார இறுதியுமாக 8 இரவுகள் முழுவதும் நிரம்பின: 320 அறைகள். மீதி 22 இரவுகளில் 460 அறைகள், இரவுக்கு ஏறத்தாழ 21. அதாவது மாதத்தில் முக்கால்வாசி நாள் பாதிக் கட்டடம் இருட்டாகக் கிடக்கிறது. முதலாளிக்கு நினைவில் நிற்பது அந்த 8 இரவுகள்தான். அன்றைக்குத்தான் சொந்தக்காரர்கள் போன் செய்து “ஒரு ரூம் போட்டுக் கொடுங்க மாமா” என்று கெஞ்சியிருப்பார்கள்.

இனி மாடிக் கணக்கு. இதற்குக் கடிதம் சொல்வது சமநிலைப் புள்ளிக் கணக்கு, பிரேக் ஈவன் என்று கணக்காளர்கள் சொல்வது. இதற்குத் தேவையான எண் ஒன்றுதான்: கூடுதலாக ஓர் அறை விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்? நேராகப் போன் செய்து வருகிற விருந்தினர் 2,200 ரூபாய் தருகிறார். விரிப்பு வெளுப்பது, சோப்பு, மின்சாரம், இலவசக் காலை உணவு என்று அந்த அறைக்காக ஆகும் செலவு 550. மிச்சம் 1,650. ஆன்லைன் தளம் வழியாக வருகிறவர் என்றால் 20 சதவீதக் கமிஷன், 440 ரூபாய் போகிறது. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 79 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. விருந்தினருக்கு நல்ல செய்தி. ஆனால் அந்த 5 சதவீதத்தோடு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. முன்பு கழித்துக்கொள்ள முடிந்த அந்த 79 ரூபாய் இப்போது ஓட்டலின் சொந்தச் செலவு. ஆக, தளம் வழியாக வரும் அறையில் மிச்சம் 1,131 ரூபாய்தான்.

பாதி அறைகள் தளங்கள் வழியாகவும் பாதி நேராகவும் விற்கின்றன என்று கொண்டால் சராசரி மிச்சம் சுமார் 1,390. புது மாடிக்கு 2 கோடியே 40 லட்சம் ஆகும், முழுவதும் 10 சதவீத வட்டிக் கடன் என்று வைத்தால் முதல் வருடம் வட்டி மட்டும் மாதம் 2 லட்சம். கூடுதல் ஆட்களின் சம்பளம் 60,000. இந்த 2,60,000 ரூபாயை ஈட்ட மாதம் 187 அறை இரவுகள் கூடுதலாக விற்க வேண்டும். அசலையும் பத்து வருடத்தில் திருப்பித் தர மாதம் இன்னொரு 2 லட்சம் சேர்த்தால் 331 இரவுகள். புது 12 அறைகளில் மாதத்துக்கு இருப்பதே 360 இரவுகள்!

ஆனால் இந்த அறைகள் எப்போது விற்கும்? பழைய 40உம் நிரம்பிய இரவுகளில் மட்டும்தானே. 22 இரவுகளில் ஏற்கெனவே 19 அறைகள் காலியாக இருக்கும்போது மேலே 12 அறைகள் சேர்த்தால் காலி 31 ஆகும், அவ்வளவே. நிரம்பும் 8 இரவுகளில் 12 அறைகளும் விற்றாலும் 96. வட்டிக்கே 187 வேண்டியிருக்க, கிடைக்கக்கூடியது 96. மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவது. அந்த நாட்களில் எந்த விலைக்கும் அறை போகும், ஆனால் அந்தச் சில நாள் வருமானத்தை நம்பிப் பத்து வருடத் தவணையை ஒத்துக்கொள்ள முடியாது.

இது ஒரு மாதத்துக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். ஆவணியும் மார்கழியும் ஒன்றல்ல. நிரம்பும் இரவுகள் 8 என்ற இடத்தில் 16 என்று வந்தால் 192 இரவுகள் கிடைத்துப் பேச்சே மாறும், அப்போதும் அசலுக்கு வழி தேட வேண்டும். எனவே கடிதம் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடவில்லை. எந்த எண் வந்தால் எந்த முடிவு என்பதை மட்டும் சொல்கிறது. அதோடு ஒரு வேலையும் வைக்கிறது: இன்று முதல், அறை இல்லை என்று அனுப்பப்படும் ஒவ்வொருவரையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். தேதி, எத்தனை அறை, எத்தனை இரவு, என்ன வாடகைக்குக் கேட்டார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே கல்யாணக் குழுவுக்காக மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், மண்டப மேலாளர் என்று மூன்று பேர் போன் செய்வார்கள். நோட்டில் 30 அறைகள் என்று ஏறியது உண்மையில் 10தான். அதனால் கைபேசி எண்ணோடு விசேஷ வீட்டின் பெயரையும் கேட்டு எழுதச் சொல்கிறார்.

கட்டடம் கட்டாமலே கிடைக்கக்கூடிய பணத்தையும் இதே எண்களிலிருந்து காட்டலாம். நிரம்பும் 8 இரவுகளில் மட்டும் வாடகையை 400 ரூபாய் கூட்டினால், கமிஷன் போக அறைக்குச் சுமார் 350 மிஞ்சும். எல்லாம் விற்றால் மாதம் 1,12,000. விலை கூடியதால் சிலர் வேறு இடம் போகலாம். 320இல் 64 அறைகள் காலியாகப் போனாலும் பழைய மிச்சம் குறையாது. திரும்பி வரும் விருந்தினர்களில் 100 அறை இரவுகளைத் தளத்திலிருந்து நேரடிப் போனுக்கு மாற்றினால் இன்னொரு 51,900. இந்த இரண்டுக்கும் செங்கல் வேண்டாம்.

கடிதத்தின் இரண்டாவது முறை கணக்குப் பிரிப்பு. நியூயார்க் நகரத்து ஓட்டல் முதலாளிகள் சங்கம் 1926இல் தங்களுக்குள் ஒரே மாதிரி கணக்கு எழுத ஒரு நூல் வெளியிட்டது. யூனிஃபார்ம் சிஸ்டம் ஆஃப் அக்கவுண்ட்ஸ் என்ற அந்த முறைதான் திருத்தங்களோடு இன்றும் உலகம் முழுக்கப் பெரிய ஓட்டல்களின் கணக்குக்கு அடிப்படை. அதன் சாரம் எளிது: அறைகளின் வரவு செலவு ஒரு பக்கம், உணவகத்தின் வரவு செலவு ஒரு பக்கம், நிர்வாகம், மின்சாரம், பராமரிப்பு போன்ற பொதுச் செலவுகளை எந்தத் துறையின் தலையிலும் கட்டாமல் தனியே வை. நம் ஊர்க் குடும்ப ஓட்டல்களில் எல்லாம் ஒரே பேரேட்டில் கலந்திருக்கும். முதலாளி வீட்டுக்கு வாங்கும் காய்கறியும் அதில்தான்.

40 அறை ஓட்டலுக்கு அந்த நூல் முழுவதும் தேவையில்லை, அதிலுள்ள துறைப் பிரிப்பு மட்டும் போதும் என்கிறார் நம் ஆலோசகர். காரணமாக அவர் காட்டுவது உணவகம். முதலாளிக்கு இன்னோர் எண்ணமும் இருந்தது: உணவகம் மாதம் 40,000 நஷ்டம், அதை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று. விற்பனை 6,00,000, செலவு 6,40,000, நஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் தங்கும் விருந்தினர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் காலை உணவும் இந்தச் சமையலறையில்தான் தயாராகிறது. மாதம் 1,400 பேருக்கு, தலைக்கு 70 ரூபாய் அடக்கவிலை என்றால் 98,000 ரூபாய். அறை வாடகையில் அடங்கிய உணவு அது. அறைகளின் செலவாகத்தான் எழுத வேண்டும். நாம் மேலே போட்ட 550 ரூபாயில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. உணவகக் கணக்கிலிருந்து அதை எடுத்தால் 40,000 நஷ்டம் 58,000 லாபமாகத் திரும்புகிறது. குத்தகைக்கு விட்டிருந்தால், அதே இட்லியைக் குத்தகைதாரரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்திருக்கும்.

இப்படி ஒரு முடிவைப் புரட்டிப் போடும் சக்தி இந்த எளிய பிரிப்புக்கு உண்டு. ஆனால் இங்கேதான் வேலை இழுக்கும். எரிவாயு, மளிகை, சமையல்காரர் சம்பளம் ஆகியவற்றில் எவ்வளவு காலை உணவுக்கு, எவ்வளவு உணவகத்துக்கு, எவ்வளவு ஊழியர் சாப்பாட்டுக்கு என்று பிரிக்க ஒரு வாரமாவது சமையலறையில் நின்று எண்ண வேண்டும். 70 ரூபாய் என்ற அடக்கவிலையை முதலாளியே சொல்லி ஆலோசகர் அப்படியே எழுதிக்கொண்டால் கிடைக்கும் லாபமும் கற்பனைதான். எண்ணும் வேலைக்குக் கடிதத்தில் நாட்கள் ஒதுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது முறை சேவை பற்றியது. பரசுராமன், ஜைத்தாம்ல், பெர்ரி என்ற மூன்று பேராசிரியர்கள் 1985இல் முன்வைத்த இடைவெளி மாதிரி இது. பரசுராமன் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துவிட்டு மேலாண்மைக்குப் போனவர். விருந்தினர் எதிர்பார்த்ததற்கும் அவருக்குக் கிடைத்ததற்கும் இடையில் ஏன் வித்தியாசம் வருகிறது என்பதை அவர்கள் படிப்படியாகப் பிரித்தார்கள். அவர்கள் சொன்ன இடைவெளிகள் ஐந்து. நம் கடிதம் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒன்று, விருந்தினர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதே நிர்வாகத்துக்குத் தெரியாமல் இருப்பது. இன்னொன்று, தெரிந்து விதியும் வைத்திருந்தும் அது நடக்காமல் இருப்பது.

ஏன் இந்தப் பிரிவினை? வெந்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் தங்குகிறவர்களில் பலர் நவக்கிரகத் தலங்களுக்குப் போகிறவர்கள். ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். திங்களூரில் தொடங்கித் திருநள்ளாறு வரை சுற்ற வேண்டுமே. அவர்களுக்கு நாலு மணிக்கு வெந்நீர் வேண்டும். ஆன்லைனில் வந்த புகார்களில் வெந்நீர்தான் முதலில் நிற்கிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று. ஓட்டலில் ஆறு மணிக்குத்தான் பாய்லர் போடுவது வழக்கம் என்றால் அது முதல் வகை. விதியை மாற்றினால் போதும், செலவு மின்சாரம் மட்டும். நாலு மணிக்குப் போட வேண்டும் என்று விதி இருந்தும் இரவுப் பையன் தூங்கிவிடுகிறான் என்றால் அது இரண்டாம் வகை. புது பாய்லர் வாங்கினாலும் தீராது. முதலாளி வரவேற்பறைக்கு கிரானைட் போடுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போது இந்த வேறுபாடு அவருக்குப் பணம் மிச்சப்படுத்தும். அதே விருந்தினர்கள் ஏழரை மணிக்குத் திறக்கும் இலவசக் காலை உணவைச் சாப்பிடாமலே போகிறார்கள் என்பதும் இந்த விசாரணையில் வெளியே வரும். அவர்களுக்கு ஐந்து மணிக்கு இட்லிப் பொட்டலமும் பிளாஸ்கில் காபியும் கொடுப்பது, நேரடியாகப் போனில் பதிவு செய்கிறவர்களுக்கு மட்டுமான சலுகையாகவே ஆகலாம்.

அதே பேராசிரியர்கள் 1988இல் இந்த மாதிரியிலிருந்து ஒரு கேள்வித்தாளும் உருவாக்கினார்கள். செர்வ்குவால் என்று பெயர். 22 கூற்றுகள், எதிர்பார்ப்புக்கு ஒருமுறை, அனுபவத்துக்கு ஒருமுறை என்று 44 விடைகள். ஆய்வுக்கு அது நல்லது. காரில் குடும்பம் ஏறி உட்கார்ந்திருக்க, சாவியைத் திருப்பித் தரும் விருந்தினரிடம் அதை நீட்டினால் எல்லாவற்றுக்கும் நாலு மதிப்பெண் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் அதைத் தவிர்த்து, கிளம்பும் நேரத்தில் மூன்றே கேள்விகளை நேரில் கேட்பதாகவும், ஆறு மாத ஆன்லைன் விமர்சனங்களை ஒவ்வொன்றாகப் படித்து வகைப்படுத்துவதாகவும் கடிதம் சொல்கிறது.

என்னைக் கேட்டால் இத்தகைய கடிதங்களில் மிகவும் பயனுள்ள பத்தி, எதைப் பயன்படுத்தப் போவதில்லை என்று சொல்லும் பத்தி. மைக்கேல் போர்ட்டர் 1979இல் எழுதிய ஐந்து விசைகள், ஒரு தொழில் மொத்தமும் ஏன் லாபமாக அல்லது லாபமில்லாமல் இருக்கிறது என்பதை விளக்க வந்தது. 40 அறை முதலாளி எந்தத் தொழிலில் இறங்கலாம் என்று யோசிக்கவில்லை. இறங்கி வருடங்கள் ஆகிவிட்டன. அதில் ஒரு விசை மட்டும் அவரைத் தினமும் அழுத்துகிறது: விருந்தினரைக் கொண்டுவரும் தளங்களின் பேரம் பேசும் பலம். நேரடி விற்பனையில் தளத்தைவிடக் குறைந்த விலை சொல்லக் கூடாது என்ற நிபந்தனைகள் ஒப்பந்தங்களில் இருப்பதுண்டு. இதுபோன்ற நிபந்தனைகளும் சேர்ந்த ஒரு வழக்கில்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022இல் மேக்மைட்ரிப், கோஐபிபோ குழுமத்துக்கு 223 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஆகவே கடிதம் ஐந்தில் ஒன்றை எடுத்து, முதலாளி கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் படித்துப் பார்ப்பதாகச் சொல்கிறது. மற்ற நான்குக்கும் பக்கம் நிரப்பவில்லை.

பி.சி.ஜி. கட்டம் பல தொழில்கள் நடத்தும் பெரிய குழுமம் எதில் பணம் போடுவது என்று பார்க்க வந்தது. இங்கே அதற்கு வேலையில்லை. பெஸ்டல் ஆய்வு நாட்டின் அரசியலிலிருந்து பருவநிலை வரை எழுதித் தரும். கும்பகோணத்து முதலாளிக்கு அதில் தேவையானது ஜி.எஸ்.டி. பற்றிய ஒரு பத்தி, அது ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. ஸ்வாட்டை மட்டும் ஆலோசகர் முழுவதும் தள்ளவில்லை, கடைசியில் ஒரே பக்கமாக வைக்கிறார். முதலிலேயே போட்டால் “நல்ல இடம்”, “நட்பான ஊழியர்கள்” என்று யாரும் மறுக்க முடியாத சொற்களால் கட்டங்கள் நிரம்பும். எண்கள் எல்லாம் வந்தபிறகு போட்டால் ‘பலவீனம்’ என்ற கட்டத்தில் “வாடகைக் குறியீடு 85” என்று எழுதலாம். வங்கி மேலாளருக்கும் அந்தப் பக்கம் படிக்க வசதி.

அடுத்து வருவது முதலாளியிடமிருந்து வேண்டியவற்றின் பட்டியல். 24 மாத இரவுக் கணக்கு, தளங்கள் அனுப்பிய கமிஷன் பில்கள், மின்கட்டண ரசீதுகள், சம்பளப் பட்டியல், வரவேற்பு மேசையில் ஒரு மாதம் உட்கார அனுமதி. ரொக்கமாக வாங்கி ரிஜிஸ்டரில் ஏறாத அறைகள் இருந்தால் மேலே போட்ட கணக்கு எல்லாமே பிசகும். ஆக்குபன்சி குறைவாகத் தெரியும், ஓர் அறைக்கான செலவு கூடித் தெரியும். இதைக் கண்டுபிடிக்க விரிப்பு வெளுத்த எண்ணிக்கையை விற்ற அறைகளோடு ஒத்துப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் முதலாளிக்கும் ஆலோசகருக்கும் இடையே கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பேச்சு நடக்க வேண்டியிருக்கும். சில சமயம் அந்த இடைவெளி முதலாளிக்கே புதுச் செய்தியாக இருக்கும்.

கட்டணம் இரண்டு தவணையாகப் பிரிந்திருக்கிறது. கூடும் வருமானத்தில் பங்கு வாங்கிக்கொள்கிறேன் என்ற ஏற்பாட்டை இந்தக் கடிதம் தவிர்த்திருப்பது நல்லது. வருமானம் கூடியது ஆலோசனையாலா, அந்த வருடம் முகூர்த்தங்கள் அதிகம் வந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, சண்டைதான் மிஞ்சும். கட்டட அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, அடித்தளம் இன்னொரு மாடியைத் தாங்குமா என்ற பொறியாளர் ஆய்வு ஆகியவை தன் வேலையில் சேராது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. கையெழுத்துக்கு மேலே கடைசி நிபந்தனை: “முதல் மூன்று வாரத்தில் நாள் கணக்கைப் பிரித்துப் பார்க்கும்போது, முழுவதும் நிரம்பும் இரவுகள் மாதம் பத்துக்குக் கீழே என்று தெரிந்தால், மாடிக்கான திட்ட அறிக்கை தயாரிக்கும் இரண்டாம் கட்டத்தைத் தொடங்க மாட்டேன், அதற்கான தவணையும் தங்களிடம் கேட்க மாட்டேன்.”